நீண்ட வாக்கியத்தை எங்கே முறிப்பது?

தமிழ் வாக்கியம் முன்பக்கமாக வளர்கிறது. முற்றுவினை கடைசியில் அசையாமல் நிற்கும். சேர்க்கவேண்டிய காரணம், காலம், நிபந்தனை, அடைமொழி எல்லாம் அதற்கு முன்னால் வந்து சேரும். எழுதுகிறவருக்கு முடிவு முன்பே தெரியும் என்பதால் எத்தனை எச்சங்களை அடுக்கினாலும் அவருக்குச் சுமை தெரிவதில்லை. காதால் கேட்பவர் நிலை வேறு. வினைமுற்று வரும்வரை, அதுவரை கேட்ட எல்லாவற்றையும் அவர் நினைவில் ஏந்திக்கொண்டு காத்திருக்கவேண்டும். தாளில் படிப்பவரால் கண்ணைப் பின்னால் ஓட்டி மீண்டும் படிக்க முடியும். ஒலிபெருக்கியில் கேட்பவருக்கும் வானொலியில் கேட்பவருக்கும் கிராம சபையில் உட்கார்ந்திருப்பவருக்கும் அந்த வசதி இல்லை.

ஆனால் நீளம் மட்டுமே காதுக்குப் பகை என்று நினைப்பது தவறு. 'பாட்டி கடைக்குப் போய், அரிசி வாங்கி, சும்மாட்டில் வைத்துச் சுமந்துவந்து, உலையில் போட்டு, வடித்து, பிள்ளைகளுக்குப் பரிமாறினாள்' என்ற வாக்கியத்தில் ஐந்தாறு எச்சங்கள் இருக்கின்றன. எந்தக் கேட்பவரும் இதில் தடுமாறமாட்டார். செயல்கள் நடந்த வரிசையிலேயே வருகின்றன. எல்லாவற்றையும் செய்பவர் ஒருவரே. ஒவ்வொரு எச்சமும் முடிந்ததும் அந்தச் செயலும் முடிந்துவிடுகிறது. கதை சொல்லிகள் காலங்காலமாக இப்படித்தான் சொல்லி வருகிறார்கள்.

இதோடு இன்னொரு வாக்கியத்தை ஒப்பிடலாம். 'ஆட்சியர், நேற்று ஊராட்சித் தலைவர், குளத்தைத் தூர்வார ஒப்பந்தம் எடுத்தவர் மண்ணைக் கரையில் கொட்டாமல் விற்றுவிட்டதாகக் கொடுத்த புகாரை விசாரிக்க உத்தரவிட்டார்.' இது பாட்டி வாக்கியத்தைவிடச் சில சொற்களே நீளம். ஆனாலும் ஒருமுறை கேட்டுப் பிடிக்க முடியாது. ஆட்சியர், ஊராட்சித் தலைவர், ஒப்பந்தம் எடுத்தவர் என்று மூன்று எழுவாய்கள் அடுத்தடுத்து வந்து நிற்கின்றன. பிறகு விற்றது, கொடுத்தது, உத்தரவிட்டது என்று மூன்று வினைகள் தலைகீழ் வரிசையில் வருகின்றன. யார் எதைச் செய்தார் என்று கேட்பவரே முடிச்சுப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. 'நேற்று' என்ற சொல் புகாருக்கு உரியதா உத்தரவுக்கு உரியதா என்பதும் தெரியவில்லை.

இந்த வாக்கியத்தை வெட்டாமலேயே பாதி நோயைத் தீர்த்துவிடலாம். 'குளத்தைத் தூர்வார ஒப்பந்தம் எடுத்தவர் மண்ணைக் கரையில் கொட்டாமல் விற்றுவிட்டதாக ஊராட்சித் தலைவர் கொடுத்த புகாரை விசாரிக்க, ஆட்சியர் நேற்று உத்தரவிட்டார்.' சொற்கள் அதே சொற்கள்தான். ஒவ்வொரு எழுவாயும் தன் வினைக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டது, அவ்வளவே. அதன்பின் வெட்டினால் இன்னும் தெளியும்: 'குளத்தைத் தூர்வார ஒப்பந்தம் எடுத்தவர் மண்ணைக் கரையில் கொட்டாமல் விற்றுவிட்டதாக ஊராட்சித் தலைவர் புகார் கொடுத்தார். அதை விசாரிக்க ஆட்சியர் நேற்று உத்தரவிட்டார்.' ஆகவே ஒரு வாக்கியத்தைக் கையில் எடுத்ததும் முதலில் பார்க்கவேண்டியது சொற்களின் எண்ணிக்கையை அல்ல. எழுவாய்க்கும் அதன் வினைக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதையும், அந்த இடைவெளியில் வேறு எழுவாய் நுழைந்திருக்கிறதா என்பதையும்தான்.

ஓலைச்சுவடியில் முற்றுப்புள்ளியும் காற்புள்ளியும் கிடையாது. வாக்கியம் எங்கே முடிகிறது என்பதை வினைமுற்றும், உரையாசிரியர்கள் கையாண்ட 'என்க', 'என்றவாறு' போன்ற முடிப்புச் சொற்களுமே காட்டின. அச்சு பரவிய பிறகுதான் ஐரோப்பிய நிறுத்தற்குறிகள் தமிழ் உரைநடையில் நிலைபெற்றன. அதில் ஆறுமுக நாவலருக்குப் பெரும்பங்கு உண்டு. நிறுத்தற்குறிகள் வந்ததால் வாக்கியம் சுருங்கிவிடவில்லை. காற்புள்ளி இருக்கும் தைரியத்தில் எழுதுபவர்கள் மேலும் நீட்டவும் செய்தார்கள். பேசுவதுபோல எழுதவேண்டும் என்று பாரதியார் வாதிட்டதும், 1942இல் தினத்தந்தியைத் தொடங்கிய சி. பா. ஆதித்தனார் பாமரருக்கும் புரியும் எளிய நடையைச் செய்தித்தாளில் கொண்டுவந்ததும் இந்தப் போக்குக்கு எதிர்த்திசையில் நடந்தவை. தேநீர்க் கடையில் ஒருவர் உரக்கப் படிக்க நாலு பேர் கேட்ட தாள் அது. அங்கே நீண்ட வாக்கியம் செல்லாது.

வெட்டும் இடத்தைக் கண்டுபிடிக்க மரபிலக்கணமே நல்ல கருவி தருகிறது. தொல்காப்பியம் வினையெச்ச வாய்பாடுகளை வகுக்கும்போது, 'செய்து' முதலான முதல் மூன்று வகை எச்சங்களைச் செய்பவரும் முற்றுவினையைச் செய்பவரும் ஒருவராகவே இருக்கவேண்டும் என்கிறது. 'செய' போன்ற மற்ற எச்சங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. 'கண்ணன் வந்து சாப்பிட்டான்' என்றால் வந்தவனும் சாப்பிட்டவனும் கண்ணனே. 'கண்ணன் வர, முருகன் புறப்பட்டான்' என்றால் ஆள் மாறுகிறது. 'மழை பெய்து குளம் நிறைந்தது' போன்றவற்றில் 'பெய்ய' என்று வரவேண்டிய இடத்தில் 'பெய்து' வந்திருக்கிறது. இதை எச்சத்திரிபு என்று உரைகாரர்கள் அமைதி கூறுவார்கள்.

எழுதியதைச் சீர்திருத்துபவருக்கு இந்த விதி நேரடியாகப் பயன்படும். ஒரே ஆள் செய்யும் செயல்கள் 'செய்து' என்ற எச்சத்தில் கோத்திருந்தால் அதை அவசரப்பட்டு அறுக்கத் தேவையில்லை. ஆள் மாறும்போதுதான் கேட்பவர் மனதில் புதுப் படம் உருவாகவேண்டியிருக்கிறது. எனவே 'செய்ய', 'செய்ததால்', 'செய்தபோது', 'செய்ததையடுத்து' என்று வரும் இடங்களைத் தேடி, அங்கே ஆள் மாறுகிறாரா என்று பார்க்கவேண்டும். ஆள் மாறும் இடமே முதல் வெட்டு விழும் இடம். அடுத்த வாக்கியத்தைப் புது எழுவாயோடு தொடங்கவேண்டும் என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது.

பெயரெச்சம் இதைவிட நுணுக்கமானது. 'சென்ற ஆண்டு வீடு கட்டிய முருகன் இந்த ஆண்டு கிணறு வெட்டினார்' என்பதில் 'வீடு கட்டிய' என்பது முருகனைப் பற்றிய கூடுதல் செய்தி. அதைத் தனியே எடுத்து, 'முருகன் சென்ற ஆண்டு வீடு கட்டினார். இந்த ஆண்டு கிணறு வெட்டினார்' என்று சொல்லலாம். பொருள் குறையாது. 'சென்ற ஆண்டு மனு கொடுத்த விவசாயிகளுக்கு இந்த மாதம் பட்டா கிடைக்கும்' என்பது அப்படிப்பட்டதல்ல. அங்கே 'மனு கொடுத்த' என்பது எந்த விவசாயிகள் என்று வரையறுக்கிறது. அதை அறுத்து, 'விவசாயிகள் சென்ற ஆண்டு மனு கொடுத்தார்கள். அவர்களுக்கு இந்த மாதம் பட்டா கிடைக்கும்' என்று எழுதினால், எல்லா விவசாயிகளுக்கும் பட்டா என்று ஊர் நம்பிவிடும். தமிழில் இந்த இரண்டு பெயரெச்சங்களுக்கும் வடிவில் வேற்றுமை இல்லை. எழுதுபவர்தான் ஒவ்வொன்றையும் நிறுத்திக் கேட்கவேண்டும்: இந்த அடையை எடுத்துவிட்டால் ஆட்களின் எண்ணிக்கை கூடுகிறதா? கூடினால் அடை அங்கேயே இருக்கட்டும். வெட்டியே தீரவேண்டுமானால் 'மட்டும்' சேர்க்கவேண்டும்: 'சென்ற ஆண்டு சில விவசாயிகள் மனு கொடுத்தார்கள். அவர்களுக்கு மட்டும் இந்த மாதம் பட்டா கிடைக்கும்.'

இவையெல்லாம் ஒன்றுசேர வரும் இடம் பொது அறிவிப்பு. பேரூராட்சி ஒன்று ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவாக வாசிக்கும் குடிநீர் அறிவிப்பு வழக்கமாக இந்தச் சாயலில் இருக்கும்:

'நமது பேரூராட்சிக்கு உட்பட்ட பகுதிகளுக்குக் குடிநீர் வழங்கிவரும் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியைச் சுத்தம் செய்யும் பணியும், பேருந்து நிலையம் அருகே உடைந்துள்ள பிரதான குழாயை மாற்றும் பணியும் வரும் புதன்கிழமை நடைபெற இருப்பதால், அன்று காலை குடிநீர் விநியோகம் செய்யப்படமாட்டாது என்பதையும், பணி முடிந்து வியாழக்கிழமை காலை வழக்கம்போல் தண்ணீர் திறந்துவிடப்படும்போது குழாயில் முதலில் வரும் கலங்கலான நீரைக் குடிப்பதற்கோ சமைப்பதற்கோ பயன்படுத்தாமல் சிறிது நேரம் திறந்துவிட்டுப் பின்னர் பிடித்துக்கொள்ளுமாறும், செவ்வாய்க்கிழமை மாலையே தேவையான நீரைச் சேமித்து வைத்துக்கொள்ளுமாறும் பொதுமக்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.'

மொத்தம் 58 சொற்கள். ஆட்டோ ஒரு வீட்டைக் கடந்துபோகும் நேரத்தில் அந்த வீட்டில் இருப்பவர் காதில் இதன் ஒரு துண்டுதான் விழும். வாக்கியம் முடியும்போது ஆட்டோ அடுத்த தெருவில் இருக்கும்.

இதில் பிழையும் ஒன்று ஒளிந்திருக்கிறது. 'செய்யப்படமாட்டாது என்பதையும்' என்ற தொடர் முடிய 'தெரிவித்துக்கொள்கிறோம்' போன்ற வினை வேண்டும். அது எங்கும் வரவில்லை. 'கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்பது 'கொள்ளுமாறும்' என்ற இரண்டுக்கும் பொருந்தும், 'என்பதையும்' என்பதற்குப் பொருந்தாது. நீண்ட வாக்கியங்களில் மிக அடிக்கடி நேரும் பிழை இது. 'உம்' போட்டு அடுக்கத் தொடங்கியவர், முடிக்கும் வேளையில் முதல் 'உம்' எதற்காக வந்தது என்பதை மறந்துவிடுகிறார். எழுதியவருக்கே நினைவில் நிற்காததைக் கேட்பவர் எப்படி நிறுத்திவைப்பார்? ஒரு வாக்கியத்தில் 'என்பதையும்', 'மாறும்', 'வேண்டியும்' என்று கலந்து வந்தால், இந்தப் பிழை இருக்கிறதா என்று தேடுவது நல்லது.

திருத்தும்போது முதலில் செய்யவேண்டியது, செய்திகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பது. புதன் காலை தண்ணீர் இல்லை. தொட்டியைச் சுத்தம் செய்கிறார்கள். குழாய் மாற்றுகிறார்கள். வியாழன் காலை தண்ணீர் வரும். முதல் தண்ணீர் கலங்கலாக இருக்கும். அதைக் குடிக்கக்கூடாது. செவ்வாய் மாலை பிடித்து வைக்கவேண்டும். இவற்றை மூல வரிசையிலேயே ஒவ்வொரு வாக்கியமாக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். வரிசைதான் இந்த அறிவிப்பின் பெரிய குறை. காரணம் முதலில் வருகிறது, செய்தி நடுவில் வருகிறது, முதலில் செய்யவேண்டிய காரியம் கடைசியில் வருகிறது. தமிழ் வாக்கியத்துக்குள் காரணம் காரியத்துக்கு முன்னால் வருவது இயல்பு. வாக்கியம் உடைந்ததும் அந்தக் கட்டாயம் நீங்கிவிடுகிறது. செய்தியை முதலில் சொல்லிவிட்டுக் காரணத்தை அடுத்த வாக்கியத்தில் வைக்கலாம். வெட்டுவதால் கிடைக்கும் பெரிய லாபம் இந்த விடுதலைதான் என்று சொல்லலாம்.

'புதன்கிழமை காலை குடிநீர் வராது. பேரூராட்சி முழுவதும் வராது. அன்று மேல்நிலைத் தொட்டியைச் சுத்தம் செய்கிறோம். பேருந்து நிலையம் அருகே உடைந்த பெரிய குழாயையும் மாற்றுகிறோம். அதனால் செவ்வாய்க்கிழமை மாலையே தேவையான தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். வியாழக்கிழமை காலை வழக்கம்போல் தண்ணீர் வரும். முதலில் வரும் தண்ணீர் கலங்கலாக இருக்கும். அதைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம். கொஞ்ச நேரம் குழாயைத் திறந்துவிட்டு, தெளிந்த பிறகு பிடியுங்கள்.'

ஒன்பது வாக்கியங்கள். எந்த வீட்டைக் கடக்கும்போதும் ஏதாவது ஒரு முழு வாக்கியமாவது காதில் விழும். 'பேரூராட்சிக்கு உட்பட்ட பகுதிகளுக்கு' என்ற அடை வெறும் அலங்காரம் போலத் தெரிந்தாலும், எங்கெங்கே தண்ணீர் வராது என்பதைச் சொல்வது அதுதான். அதனால் அது 'பேரூராட்சி முழுவதும்' என்ற தனி வாக்கியமாக முன்னுக்கு வந்திருக்கிறது. சில வார்டுகளுக்கு மட்டும் என்றால் அந்த வார்டு எண்கள் அங்கே வரவேண்டும். 'விநியோகம் செய்யப்படமாட்டாது' என்பது 'வராது' ஆயிற்று. செயப்பாட்டு வினை போனதும் 'செய்கிறோம்', 'பிடியுங்கள்' என்று பேசுபவரும் கேட்பவரும் வாக்கியத்துக்குள் வந்துவிட்டார்கள். கடைசி வாக்கியத்தில் 'திறந்துவிட்டு' என்ற எச்சம் வெட்டப்படவில்லை. ஒரே ஆள், ஒரே குழாய், அடுத்தடுத்த செயல். அதைப் பிரித்து 'குழாயைத் திறந்துவிடுங்கள். பிறகு பிடியுங்கள்' என்றால், உடனே பிடிக்கலாம் என்று பொருள்படும் ஆபத்தும் உண்டு.

இப்படி உடைக்கும்போது மூல வாக்கியம் மௌனமாக வைத்திருந்த சிலவற்றை வாய்விட்டுச் சொல்லவேண்டி வருகிறது. 'செய்து' என்ற எச்சத்துக்குத் தனக்கென்று எதிர்மறை வரம்பு இல்லை. 'அவர் சென்னைக்குப் போய் அதிகாரியைப் பார்க்கவில்லை' என்ற வாக்கியத்தில் அவர் சென்னைக்குப் போனாரா? போனார், ஆனால் பார்க்கவில்லை என்றும் கொள்ளலாம். போகவே இல்லை என்றும் கொள்ளலாம். கடைசியில் வரும் 'இல்லை' எச்சத்தையும் மூடுகிறதா என்பது இடம்நோக்கித்தான் தெரியும். வெட்டுகிறவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாகவேண்டும். 'சென்னைக்குப் போனார். அதிகாரியைப் பார்க்கவில்லை.' அல்லது, 'அவர் சென்னைக்கும் போகவில்லை, அதிகாரியையும் பார்க்கவில்லை.' எது உண்மை என்று தெரியாவிட்டால் எழுதியவரைக் கேட்காமல் கைவைக்கக்கூடாது. வேறொருவர் எழுதியதைச் சுருக்கித் தரும் துணையாசிரியர்கள் கவனமாக இருக்கவேண்டிய இடம் இது.

நிபந்தனை எச்சத்தை வெட்டவே கூடாது. 'மாதக் கடைசிக்குள் விண்ணப்பித்தால் உதவித்தொகை கிடைக்கும்' என்பதை 'மாதக் கடைசிக்குள் விண்ணப்பியுங்கள். உதவித்தொகை கிடைக்கும்' என்று மாற்றினால் நிபந்தனை வாக்குறுதியாகிவிடும். நிபந்தனைகள் இரண்டு மூன்று சேர்ந்து வாக்கியம் நீண்டால், முடிவை முதலில் சொல்லிவிட்டு நிபந்தனைகளை எண்ணிச் சொல்லலாம்: 'உதவித்தொகை பெற இரண்டு தகுதிகள் வேண்டும். குடும்ப வருமானம் வரம்புக்குள் இருக்கவேண்டும். மாணவர் அரசுப் பள்ளியில் படித்திருக்கவேண்டும்.' இங்கே 'வேண்டும்' என்பது ஒவ்வொரு வாக்கியத்திலும் நிபந்தனையின் பாரத்தைத் தாங்கிக்கொள்கிறது.

மேற்கோள் வாக்கியங்களில் சிக்கல் வேறு. 'பாலம் வலுவாக இருக்கிறது, போக்குவரத்தை நிறுத்தத் தேவையில்லை, மழைக்காலத்துக்குள் தூண்கள் மீண்டும் பரிசோதிக்கப்படும் என்று பொறியாளர் தெரிவித்தார்' என்பதில், சொன்னவர் யார் என்பது கடைசிவரை தெரியாது. பாலம் வலுவாக இருக்கிறது என்று கேட்டவுடன் அதை உண்மை என்று எடுத்துக்கொண்டு கேட்பவர் நகர்ந்துவிடுவார். சொன்னவரை முன்னால் கொண்டுவந்து, 'பாலம் வலுவாக இருப்பதாகப் பொறியாளர் தெரிவித்தார்' என்று தொடங்கவேண்டும். அடுத்த வாக்கியத்திலும் பொறுப்பு அவருடையதே என்று காட்ட, 'போக்குவரத்தை நிறுத்தத் தேவையில்லை என்றும் அவர் கூறினார்' என்று சொல்லவேண்டும். இதைச் சலிப்பாக நினைத்து இரண்டாவது வாக்கியத்தில் 'என்றார்' என்பதை விட்டுவிட்டால், பொறியாளரின் கருத்து வாசிப்பவரின் கருத்தாகிவிடும்.

உடைந்த வாக்கியங்களை இணைக்கும் சுட்டுப்பெயர்களிலும் கண் வேண்டும். 'அவர்' என்ற மதிப்புச் சொல் ஆண் பெண் வேற்றுமை காட்டாது. 'தலைமையாசிரியர் அழைத்ததன்பேரில் வந்த பெற்றோர் சங்கத் தலைவர் கூரையைப் பார்வையிட்டார்' என்பதில் குழப்பம் இல்லை. 'தலைமையாசிரியர் பெற்றோர் சங்கத் தலைவரை அழைத்தார். அவர் கூரையைப் பார்வையிட்டார்' என்று உடைத்தால் பார்வையிட்டது யார்? இப்படிப்பட்ட இடங்களில் 'அவர்' என்பதைவிடப் பெயரையோ பதவியையோ மறுபடி சொல்வதே மேல்: 'சங்கத் தலைவர் வந்து கூரையைப் பார்வையிட்டார்.' எழுத்தில் கூறியது கூறலாகத் தெரிவது காதில் தெளிவாகவே ஒலிக்கும்.

அளவு மீறி வெட்டுவதும் உண்டு. எல்லா வாக்கியங்களும் மூன்று நான்கு சொற்களில் முடிந்தால் குரல் ஒவ்வொரு முற்றிலும் ஒரே மாதிரி இறங்கி இறங்கி விழும். கேட்பவருக்கு அது தந்தி வாசிப்பதுபோல இருக்கும். எது முக்கியம், எது துணை என்பதும் தெரியாமல் போகும். தமிழில் எச்சத்தில் நிறுத்தும்போது குரல் தாழாமல் நிற்கும், இன்னும் வருகிறது என்று சொல்லும். முற்றில்தான் குரல் இறங்கும். இந்த ஏற்ற இறக்கம் கலந்து வந்தால்தான் வாசிப்பு உயிரோடு இருக்கும். ஆகவே இரண்டு குறுவாக்கியங்களுக்குப் பின் ஓர் எச்சம் கொண்ட நடுத்தர வாக்கியம் வருவது நல்லது. வெட்டிய இடமெல்லாம் 'மேலும்', 'எனவே', 'இதனையடுத்து' என்று ஒட்டுப்போடுவதும் இதே வகைக் குறை. காலவரிசையில் நடப்பவற்றுக்கு இணைப்புச் சொல்லே தேவையில்லை. காரணத்துக்கும் முரணுக்கும் மட்டும் 'அதனால்', 'ஆனால்' போதும். குடிநீர் அறிவிப்பில் 'அதனால்' ஒருமுறைதான் வருகிறது.

திருத்தியது சரியாக இருக்கிறதா என்பதை வாசித்துத்தான் அறியமுடியும். எழுதியவர் வாசித்தால் பயன் குறைவு. அவருக்கு முடிவு தெரிந்திருப்பதால் சரியான இடத்தில் நிறுத்திவிடுவார். அந்தத் தாளை முன்பு பார்த்திராத ஒருவரிடம் கொடுத்து, இன்னொருவர் கேட்க, ஒத்திகை இல்லாமல் உரக்க வாசிக்கச் சொல்லவேண்டும். அவர் எங்கே மூச்சு வாங்குகிறார், எங்கே ஒரு சொல்லைத் திரும்ப வாசிக்கிறார், எங்கே குரலை இறக்கிவிட்டு வாக்கியம் இன்னும் முடியவில்லை என்று கண்டு மறுபடி ஏற்றுகிறார் என்று பென்சிலால் குறித்துக்கொள்ளவேண்டும். எச்சத்திலோ முற்றிலோ மூச்சு வாங்கினால் குற்றமில்லை. பெயரெச்சத்துக்கும் அது தழுவும் பெயருக்கும் நடுவில், அல்லது எழுவாயைத் தனியே விட்டுவிட்டு மூச்சு வாங்கினால், அந்த வாக்கியம் இன்னும் வெட்டப்படவேண்டியது. பிறகு கேட்டவரிடம் தாளைக் காட்டாமல், குடிநீர் அறிவிப்பானால் மூன்று கேள்விகள் கேட்டால் போதும்: என்றைக்குத் தண்ணீர் வராது? அதற்குமுன் என்ன செய்யவேண்டும்? மறுநாள் முதலில் வரும் தண்ணீரை என்ன செய்வது? இவற்றில் எதற்குப் பதில் வரவில்லையோ, அந்தச் செய்தி இருக்கும் வாக்கியத்தையும் அதற்கு முந்தின வாக்கியத்தையும் எடுத்துத் திரும்ப எழுதவேண்டும். பெரும்பாலும் குற்றம் முந்தின வாக்கியத்தில்தான் இருக்கும்.